முப்பதாம் நாள் விடுமுறையாயின்

பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையோரத்தில் அமைந்துள்ள பெருமாட்டி, பிளாச்சிமடை நிலத்தடி நீர் வழக்கால் நாடறிந்த ஊராட்சி. அங்குள்ள உழவர் ஒருவர் கிணற்று நீர்ப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டார் என்றும், அது மறுக்கப்பட்டது என்றும் வைத்துக்கொள்வோம். மறுப்புக் கடிதத்தில் இடப்பட்ட தேதி 2025 ஆகஸ்ட் 1. அது தபாலில் அவர் கைக்குச் சேர்ந்தது ஆகஸ்ட் 6, புதன்கிழமை. முதல் மேல்முறையீட்டுக்கு அவருக்குள்ள கடைசி நாள் எது?

2005ஆம் ஆண்டின் இச்சட்டத்தின் 19(1)ஆம் பிரிவு, முடிவு கிடைக்கப்பெற்றதிலிருந்து முப்பது நாட்கள் என்கிறது. எனவே கடிதத்தின் தேதியை விட்டுவிட வேண்டும். அதிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 31 என வரும். உழவர் காரணமின்றி நாட்களை இழப்பார். (சில சட்டங்கள் உத்தரவின் தேதியிலிருந்தே எண்ணச் சொல்வதால், அந்தந்தப் பிரிவின் சொற்களைப் படித்துப் பார்ப்பதே முறை.)

“இந்த நாளிலிருந்து” என்று சட்டம் கூறினால் அந்த முதல் நாள் கணக்கில் சேராது. 1897ஆம் ஆண்டுப் பொது வாசகச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தரும் விதி இது. ஆகவே ஆகஸ்ட் 7தான் ஒன்றாம் நாள். ஆகஸ்ட் 31 வரை இருபத்தைந்து நாட்கள். செப்டம்பரில் இன்னும் ஐந்து. முப்பதாம் நாள் செப்டம்பர் 5. பலர் செய்வதுபோல் ‘ஒரு மாதம்’ என்று கொண்டால் செப்டம்பர் 6 என வரும். மாதமும் முப்பது நாளும் ஒன்றல்ல. இடையில் வந்த ஞாயிறுகளையும் சுதந்திர தினத்தையும் கழிக்கக் கூடாது, அவையும் நாட்களே.

அந்தச் செப்டம்பர் 5 திருவோணம். மறுநாள் மூன்றாம் ஓணம், அதற்கடுத்தது ஞாயிறு. அலுவலகம் திறந்தது செப்டம்பர் 8, திங்கட்கிழமை. கடைசி நாளில் அலுவலகம் மூடியிருந்தால், அது மீண்டும் திறக்கும் முதல் நாளில் செய்யப்படும் செயல் உரிய காலத்தில் செய்ததாகவே கொள்ளப்படும் என்பது அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு. எனவே எட்டாம் தேதி தந்த மனு காலத்திற்குள் வந்ததே. மனுவைப் பெறும் அலுவலகம் மூடியிருந்ததா என்பதே கேள்வி. மனுதாரருக்கோ தபால் நிலையத்திற்கோ விடுமுறை என்பது போதாது. கடைசி நாள் நான்காம் தேதியாக இருந்திருந்தாலும், முதல் ஓணத்திற்காக அலுவலகம் மூடியிருந்ததால் இதே விடைதான் கிடைத்திருக்கும்.

சலுகைக்கு ஓர் எல்லை உண்டு. விடுமுறை காக்கும் காலம், சட்டம் முதலில் குறித்த காலமே. அதன்பின் தாமதத்தை மன்னித்துத் தரப்படும் கூடுதல் நாட்களின் இறுதி விடுமுறையில் விழுந்தால் இதே பாதுகாப்புக் கிடைக்காது என்று 2012இல் நடுவர் தீர்ப்பு தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகவல் சட்டத்தில் போதிய காரணம் காட்டினால் தாமத மனுவை ஏற்கலாம். ஆனால் அது அதிகாரி மனநிறைவு கொள்வதைப் பொறுத்தது.

தபால் உறையைத் தூக்கி எறிவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தேதி முத்திரையுள்ள அவ்வுறையும், பதிவுத் தபாலாயின் பட்டுவாடா விவரமுமே ஆகஸ்ட் 6ஐ மெய்ப்பிக்கும். மேல்முறையீட்டின் முதல் பத்தியிலேயே, கடிதம் கிடைத்த தேதி, முப்பதாம் நாள், அலுவலகம் மூடியிருந்த நாட்கள் ஆகியவற்றைக் குறித்து உறையின் நகலை இணைத்தால், காலம் கடந்தது என்ற குறிப்புடன் மனு திரும்பி வருவது அரிது.