எந்த வினைச்சொல் பொருந்தும்?

கோலாலம்பூரில், ஜாமெக் பள்ளிவாசலின் அருகே கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றுடன் கலக்கிறது. மலாய்மொழியில் 'கோலா' என்பது ஆறு சென்று கலக்கும் இடத்தையும், 'லும்பூர்' என்பது சேற்றையும் குறிக்கும். இத்தகைய இடங்கள் பெரும்பாலும் அங்கு வந்து கலக்கும் ஆற்றின் பெயரையே பெறும். சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடம் கோலசிலாங்கூர் ஆனது. அப்படியானால், தலைநகரம் ஏன் 'கோலா கோம்பாக்' ஆகவில்லை?

இதற்கு அறிஞர்கள் வெவ்வேறு விளக்கங்கள் தருகின்றனர். 'சுங்கை லும்பூர்' என்ற ஆற்றின் பெயரே காரணம் என்பது ஒன்று. சேற்றுப் படகுத்துறை எனப் பொருள்படும் 'பெங்காலான் லும்பூர்' என்பதே முந்தைய பெயர் என்பது மற்றொன்று. கிள்ளான் நகரம் முன்பு 'பெங்காலான் பத்து' என அழைக்கப்பட்டதை இதற்கு ஒப்புமையாகக் காட்டுவர்.

பிரிக்பீல்ட்சைச் சேர்ந்த படிவம் நான்கு மாணவி ஒருத்தி, பள்ளி வரலாற்றுக் கண்காட்சிக்காக இதைப் பற்றி அறிக்கை எழுதினாள். "முந்தைய பெயர் பெங்காலான் லும்பூர் என ஆய்வாளர் நிறுவுகிறார்" என்பது அவள் எழுதிய வாக்கியம். ஆசிரியர் 'நிறுவுகிறார்' என்ற சொல்லை வட்டமிட்டார்.

"நீ படித்த நூலில் என்ன இருந்தது?"

"'இருக்கலாம்' என்று இருந்தது, டீச்சர்."

"அவர் 'இருக்கலாம்' என்கிறார், நீ 'நிறுவுகிறார்' என்கிறாய். ஐயத்திற்கு இடமின்றிச் சான்று காட்டினால்தான் அந்தச் சொல் பொருந்தும்."

மாணவி அதைச் 'சுட்டிக்காட்டுகிறார்' என மாற்றினாள். அதுவும் பொருந்தவில்லை. ஏற்கெனவே உண்மையாக உள்ள ஒன்றைத்தான் சுட்டிக்காட்ட முடியும். அச்சொல்லைப் பயன்படுத்தினால், அந்த விளக்கத்தை அறிக்கை எழுதுபவரும் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

அடுத்து, ஆங்கில அகராதியைப் பார்த்து, 'பரிந்துரைக்கிறார்' என எழுதினாள். இதைச் செய்யலாம் என்று வழி கூறுவதே பரிந்துரை. பழைய பெயர் எதுவென்று எவரும் பரிந்துரைக்க இயலாது.

சலிப்புற்று, 'சொல்லிக்கொள்கிறார்' என்று மாற்றினாள். ஆசிரியர் சிரித்துவிட்டார். அச்சொல், அறிஞர் கூறுவதை நம்ப முடியாது என்ற ஏளனத்தைப் புகுத்துகிறது. அவர் கருத்துக்கு மாறாகச் சான்று காட்டாமல் அவ்வாறு எழுதுவது முறையன்று.

இறுதியில் அப்பகுதி இவ்வாறு அமைந்தது:

"கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றுடன் கலக்கிறது. நகரின் முந்தைய பெயர் பெங்காலான் லும்பூராக இருக்கலாம் என ஆய்வாளர் கருதுகிறார். கிள்ளானின் பழைய பெயரையும் அவர் சுட்டிக்காட்டுகிறார்."

முதல் வாக்கியம் எவரும் நேரில் கண்டறியக்கூடிய உண்மை. அதற்கு அறிஞர் பெயர் தேவையில்லை. இரண்டாவது ஊகம், 'இருக்கலாம்', 'கருதுகிறார்' ஆகிய சொற்கள் மூலநூலில் உள்ள உறுதியின் அளவைக் கூட்டாமலும் குறைக்காமலும் காட்டுகின்றன. மூன்றாவது அறியப்பட்ட செய்தி. முன்பு நீக்கப்பட்ட 'சுட்டிக்காட்டுகிறார்' என்ற சொல் இங்கே தன் இடத்தைப் பெறுகிறது.