வழியில் இருக்கும் சரக்கு

காலையில் வெங்காயம் தீர்ந்துபோனால் மத்தியானத்துக்குள் ஒரு பையனை மார்க்கெட்டுக்கு அனுப்பி வாங்கிக்கொள்ளலாம் என்ற சௌகரியம் உள்ளவர்களுக்காக நான் இதை எழுதவில்லை. சென்னைக்கும் நமக்கும் நடுவே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது, கப்பல் நல்லபடியாக ஓடினாலே மூன்று நாள் பிரயாணம், அதற்கு முன்பு மண்டியில் மூட்டை கட்டுவதும் துறைமுகத்தில் ஏற்றுவதும், பின்பு ஹாடோ துறையில் இறக்குவதுமாகச் சேர்ந்து, நாம் இன்று டெலிபோனில் சொல்லும் வெங்காயம் போர்ட் பிளேர் கடைக்கு (2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிவிட்டது, என் வாய்க்குத்தான் இன்னும் வரவில்லை) வந்துசேர ஒரு வாரம் ஆகிறது. இந்த ஒரு வாரத்தைக் கணக்கில் வைக்கத் தெரியாதவர் இங்கே சாப்பாட்டுக் கடை நடத்தினால், சரக்கறையில் அழுகுவது காய்கறி மட்டுமல்ல, முதலும்தான்.

பெரிய ஹோட்டல்களில் ‘பார் லெவல்’ என்பார்கள். எங்கள் நோட்டுப் புத்தகத்தில் அது ‘நிறை இருப்பு’. அதைக் காண்பது சிரமமான விஷயமல்ல. எங்கள் கடையில் நாளொன்றுக்கு 12 கிலோ பெரிய வெங்காயம் செலவாகிறது. வாரம் ஒருமுறை, ஞாயிறு இரவு ஆர்டர் சொல்லுகிறோம். அதற்கு 7 நாள். சரக்கு வந்துசேர 7 நாள். கப்பல் தாமதித்தால் தாக்குப்பிடிக்க 4 நாள். ஆக 18 நாள். 12ஆல் பெருக்கினால் 216 கிலோ. இதுவரை எவரும் தவறுவதில்லை. தவறு நேர்வது இந்த 216ஐ எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான். என் மைத்துனர் தவறியதும் அங்கேதான்.

216 கிலோ என்பது அறையில் அடுக்கிவைக்க வேண்டிய அளவு அல்ல. அறையில் இருப்பதும், ஆர்டர் சொல்லி இன்னும் வந்துசேராமல் மண்டியிலோ கப்பலிலோ இருப்பதும் கூடி வரவேண்டிய தொகை அது. ஒழுங்காக நடக்கும் ஒரு ஞாயிறு இரவில் அறையில் 48 கிலோ இருக்கும்; மறுநாள் இறங்கவேண்டிய 84 கிலோ வழியில் இருக்கும்; இரண்டும் சேர்ந்து 132; எனவே 84 கிலோ சொன்னால் போதும். திங்களன்று சரக்கு இறங்கியதும் அறையில் 132 இருக்கும். எந்த நாளும் அதற்கு மேல் இராது.

சில வருஷங்களுக்கு முன் ஐப்பசி மழையில், ஒரு கல்யாணத்துக்காக நான் ஊருக்குப் போயிருந்த சமயம், ஆர்டர் சொல்லும் பொறுப்பு கடையில் என் பங்குதாரரான மைத்துனரிடம் இருந்தது. புயற்சின்னம் காரணமாகக் கப்பல் தாமதம் என்று செய்தி வந்தது. அவர் அறையைத் திறந்து பார்த்தார். 48 கிலோ இருந்தது. 216இலிருந்து 48 போக 168 கிலோ சொல்லிவிட்டார். “கடலை நம்பிக் கடை நடத்த முடியுமா, அத்தான்? கூடப் போட்டால் கப்பல் கூலியும் கட்டுப்படியாகும்” என்று டெலிபோனில் எனக்கே உபதேசமும் செய்தார். கப்பல் மூன்று நாள் கழித்து வந்தது. அன்று காலை அறையில் இன்னும் 12 கிலோ மிச்சமிருந்தது என்பதை இன்றைக்கும் அவர் ஒப்புக்கொள்வதில்லை. நோட்டில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. தாமதத்துக்கென்று ஒதுக்கிய நாலு நாள் சரக்கு, தாமதத்தைத் தாங்கிவிட்டது. வியாகுலத்துக்கு அவசியமே இல்லை.

மறு ஞாயிறு அறையில் மறுபடி 48 கிலோ, வழியில் 168. கூட்டினால் 216, ஆகவே அன்றைக்கு ஆர்டரே கூடாது. அவரோ அறையை மட்டும் பார்த்து மறுபடியும் 168 சொன்னார். அதற்கடுத்த வாரம் இரண்டாவது லாட் இறங்கியபோது, வழக்கமாக 132க்கு மேல் காணாத அறையில் 300 கிலோ, அதாவது இருபத்தைந்து நாள் வெங்காயம் அடைந்து கிடந்தது. நமது மழைக்கால ஈரக்காற்றில், சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூட்டையில் அது எத்தனை நாள் தாங்கும்? நான் திரும்பி வந்து அடிமூட்டைக்குள் கையை விட்டபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பு ஒன்றே போதும், மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. கழுத்துப் பக்கம் அழுத்தினால் அமுங்கியது; மேல்தோலை உரித்தால் கரும்பூசணம் பொடியாகக் கையில் ஒட்டியது; நல்லவை என்று பொறுக்கியவற்றிலும் பாதி முளைவிட்டிருந்தன.

இதைவிட நுட்பமான நஷ்டம் பின்னால் வந்தது. மண்டிச் சீட்டுகளைக் கூட்டி நாட்களால் வகுத்தால் தினச் செலவு கிடைத்துவிடும் என்பது மைத்துனரின் சித்தாந்தம். அப்படிச் செய்தால் குப்பைக்குப் போனதும் அடுப்புக்குப் போனதும் ஒரே கணக்கில் விழும். ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆரம்ப இருப்பு 132, வரவு 84, முடிவில் 110. குறைந்தது 106 கிலோ, நாளொன்றுக்குப் பதினைந்து. ஆனால் அந்த 106இல் 22 கிலோ அழுகல். சமையலுக்குப் போனது 84தான். நாளொன்றுக்குப் பழைய 12தான். பதினைந்து என்று எழுதினால் நிறை இருப்பு 270 ஆகும், அதிகமாக வாங்குவோம், அதிகமாக அழுகும், அழுகியதும் செலவாகப் பதிந்து, நிறை இருப்பு இன்னும் உயரும். அதனால்தான் எங்கள் நோட்டில் கழிவுக்குத் தனிப் பத்தி வைத்தேன். சரக்கு இறங்கும்போதும் மூட்டையின் மேல் எழுதிய எடையை நம்பாமல், பொறுக்கி நிறுத்த எடையைத்தான் வரவு வைக்கிறோம்.

தினசரி எண்ணிக்கையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவு கடை சாத்தியபின், தராசு வைத்து, தினமும் ஒரே ஆள், அலமாரியின் ஒரே வரிசையில் எழுதவேண்டும்; ‘ஒன்றரை மூட்டை’ என்ற கண்ணளவுக்கு இடமில்லை. அரிசி பருப்பை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, இஞ்சி முதலியவை தினமும்.

தாமதத்துக்கென்று வைக்கும் நாட்களை எவ்வளவு கூட்டலாம் என்று கேட்பார்கள். 2016 டிசம்பரில் புயற்காற்றால் படகுகள் நின்று, ஹாவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் சிக்கிக்கொண்டு, கடற்படை போய் அழைத்துவர நேர்ந்தது. அப்படிப்பட்ட வாரத்தை மனத்தில் வைத்து வருஷம் முழுவதும் தாமதத்துக்கென்றே பத்து நாள் வெங்காயம் அடுக்கிவைப்பவர், வருஷம் முழுவதும் அழுகலை வாரிக் கொட்டுவார். அத்தகைய வாரத்தில் வெங்காயச் சட்னியை நிறுத்தித் தேங்காய்ச் சட்னி அரைப்பதே உத்தமம். தேங்காய் இங்கேயே விளைகிறது. என் அளவுகோல் வேறு. ஒவ்வொரு முறையும் சரக்கு இறங்குவதற்குச் சற்றுமுன் அறையில் எவ்வளவு மிச்சம் என்று குறித்து வாருங்கள். தொடர்ந்து 48க்கு மேலேயே நின்றால் தினச் செலவைக் கூட்டி மதிப்பிட்டிருக்கிறீர்கள், குறையுங்கள். கப்பல் நேரத்துக்கு வந்தும் பத்துப் பதினைந்து கிலோவுக்கு இறங்கினால் செலவு கூடியிருக்கிறது; சுற்றுலாப் பருவம் தொடங்கும்போது இப்படி ஆகும், அப்போது ஏற்றுங்கள்.

ஆனால் ஜங்லிகாட்டில் இறங்கும் மீனுக்கு இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளாதீர்கள். நீல் தீவிலிருந்து வரும் காய்கறிக்குக்கூட வரும் வழிக்கு ஒரு நாள், படகு நின்றால் ஒரு நாள் என்று வைக்கலாம். மீனுக்கு வழி என்று ஒன்றில்லை. இரவு எண்ணிக்கையில் மீன் மிச்சமிருந்தால், மறுநாள் காலை அந்த அளவைக் குறைத்து வாங்குவதோடு அதன் கணக்கு முடிந்தது.