லோடு குறைந்தால்: கொட்டுவதற்கு முன் டேப், கொட்டிய பின் கடிதம்

எம்-சாண்ட் குறைவாக வந்தது என்று சப்ளையருக்குக் கடிதம் எழுதும் சைட் இன்ஜினியர்கள் பலர் தோற்பது கடிதத்தின் நடையால் அல்ல. மணலைக் கொட்ட விட்டுவிட்டுக் குவியலை அளக்கிறார்கள். நானும் முதல் வேலையில் அப்படித்தான் செய்தேன். "பாதியை நீங்க கலவைக்கு எடுத்திருப்பீங்க சார்" என்று சப்ளையர் சொன்னபோது, என்னிடம் பதில் இல்லை.

அளக்க வேண்டியது வண்டிக்குள் இருக்கும்போது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. நான்கு யூனிட் பில்லோடு ஒரு டிப்பர் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாடியின் உள்நீளம் 14 அடி, உள்அகலம் 7 அடி. உயரத்துக்குப் பக்கப் பலகையை அளக்காதீர்கள். மேலே ஏறி மணலை ஓரளவு சமப்படுத்தச் சொல்லி, நான்கு மூலையிலும் நடுவிலும் கம்பியை அடிவரை குத்திப் பாருங்கள். ஓரத்தில் குவித்து நடுவில் பள்ளம் விட்டிருந்தால் இதில்தான் தெரியும். ஐந்து அளவின் சராசரி மூன்றரை அடி வந்தால், 14 × 7 × 3.5 = 343 கன அடி. பில்லில் 400. குறைவு 57 கன அடி.

டிரைவர் முன்னாலேயே டெலிவரி சலானில் "சைட்டில் அளந்தது 343 கன அடி மட்டும்" என்று எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். அவர் மறுத்தால் அதையும் நேரத்தோடு குறித்துவையுங்கள். டேப்பும் வண்டி எண்ணும் தெரிகிற போட்டோ இரண்டு போதும். வரும் வழியில் குலுங்கி மணல் கொஞ்சம் அமுங்கும் என்பது உண்மை. ஆகவே பர்ச்சேஸ் ஆர்டரிலேயே "அளவு சைட்டில் எடுக்கப்படும்" என்ற ஒரு வரி இருக்கட்டும். அந்த வரி இல்லாவிட்டால் கிரஷரில் எடுத்த அளவைத்தான் அவர்கள் பேசுவார்கள்.

இனி கேட்பது கிரெடிட்டா, பாக்கிச் சரக்கா? மணலுக்குக் கிரெடிட்டே கேளுங்கள். 57 கன அடியை அடுத்த லோடில் சேர்த்து அனுப்புவதாகச் சொல்வார்கள். கலந்து வந்தபின் எது பாக்கி, எது புதுசு என்று பிரிக்க முடியாது. சிமென்ட் வேறு. 100 மூட்டைக்குப் பதில் 96 இறங்கியிருந்தால், நான்கு மூட்டையை எண்ணி வாங்கிவிடலாம். ஆனால் அதே பிராண்டு, அதே கிரேடு, பில் போடாத சலானில் பழைய பில் எண்ணோடு வர வேண்டும். மூட்டையில் அச்சிட்ட தயாரிப்பு வாரத்தையும் பாருங்கள். கிடப்பில் கிடந்த மூட்டையைத் தள்ளிவிட சப்ளையருக்கு இது நல்ல சந்தர்ப்பம்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, வணக்கம். தங்கள் பில் எண் 412, சலான் எண் 1187-இன்படி 4 யூனிட் எம்-சாண்ட் அனுப்பியதாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். 12ஆம் தேதி காலை எங்கள் சைட்டில், தங்கள் டிரைவர் முன்னிலையில், கொட்டுவதற்கு முன் அளந்ததில் 343 கன அடியே இருந்தது. குறைவு 57 கன அடி. யூனிட் ரூ.6,000 வீதம் ரூ.3,420, 5 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.171, மொத்தம் ரூ.3,591. இத்தொகைக்குக் கிரெடிட் நோட் 7 நாட்களுக்குள் அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மீதித் தொகை வழக்கமான தவணையில் செலுத்தப்படும். கையெழுத்திட்ட சலான் நகலும் படங்களும் இணைத்துள்ளோம்."

"ஏமாற்றுகிறீர்கள்" என்ற சொல் இதில் எங்கும் இல்லை. நாளைக்கும் அவர்களிடமே லோடு எடுக்க வேண்டியிருக்கும். மீதியைத் தருவோம் என்ற வரி முக்கியம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, குறைந்த அளவை ஏற்றுக்கொண்டால் ஏற்ற அளவுக்கு ஒப்புக்கொண்ட விலையைத் தந்தாக வேண்டும். மொத்த பில்லையும் நிறுத்திவைத்தால் தவறு நம் பக்கம் திரும்பிவிடும்.

கிரெடிட் நோட் இல்லாமல் நீங்களே கழித்துக்கொண்டு செக் போடாதீர்கள். அவர்கள் கணக்கில் ரூ.3,591 பாக்கியாகவே நிற்கும்; வருட முடிவில் அக்கவுண்ட்ஸ் பிரிவு உங்களைத்தான் தேடி வரும். நோட் வந்ததும் அக்கவுண்ட்ஸ் பிரிவிடம் சொல்லுங்கள்; அந்த ரூ.171-க்கு உள்ளீட்டு வரி எடுத்திருந்தால் திருப்ப வேண்டும்.

கடிதத்தை அன்றே அனுப்புங்கள், மெயிலிலும் சேர்த்து. கிரஷர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு தொழிலாக இருந்தால், சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே எம்.எஸ்.எம்.இ. சட்டம் கருதும்.

மூட்டை எண்ணிக்கை சரியாக இருந்து எடை 50 கிலோவுக்குக் குறைகிறது என்று சந்தேகம் வந்தால், அது கடிதத்தோடு முடிகிற விஷயம் அல்ல. மூட்டையைப் பிரிக்காமல் வைத்து, தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள்.