மொட்டைத் தலையில் வெள்ளைக் கட்டம்

தம்பி, பழனி அடிவாரத்தில் வீட்டு அறையிலேயே ஸ்டுடியோ போடுகிறாய். உன் முன்னால் முதலில் வந்து உட்காரப்போவது அநேகமாக முடி இறக்கிச் சந்தனம் பூசிய ஒரு குழந்தைதான். அதை வைத்தே சொல்கிறேன்.

1. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160, எஃப் 8 வைத்து, ஃபிளாஷ் அடிக்காமல் ஒரு படம் எடு. கறுப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் ஜன்னலோ டியூப்லைட்டோ உள்ளே புகுகிறது; அதை அடைத்துவிட்டு வா. ஷட்டரை 1/250 தாண்டி ஏற்றினால் பல கேமராக்களில் படத்தின் ஓரம் கறுப்புப் பட்டை விழும். கேமரா ரிப்பேர் என்று கடைக்கு ஓடாதே.

2. சாஃப்ட்பாக்ஸைக் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், மூன்று அடியில் நிறுத்து. கண்ணுக்குள் பார்: பெட்டியின் வெள்ளைப் பொட்டு கருவிழியின் மேல்பாதியில் தெரிந்தால் உயரம் சரி. தெரியவில்லையென்றால் இறக்கு.

தூரம்தான் இதில் பெரிய வித்தை. முகத்துக்கு ஐந்தடி பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கிறது என்று வை. பெட்டி மூன்றடியில் நின்றால் சுவருக்கு எட்டடி; முகத்தில் விழுவதில் ஏழில் ஒரு பங்குதான் அங்கே போகும், சுவர் கருஞ்சாம்பலாகும். பெட்டியை ஆறடிக்குத் தள்ளினால் சுவருக்குப் பதினோரடி. மூன்றில் ஒரு பங்கு போய், அதே சுவர் வெளிர்சாம்பலாகும். திரைச்சீலை வாங்கும் காசு மிச்சம். ஆனால் முகத்துக்கு வெளிச்சம் கால்வாசியாகிவிடும். எஃப் 4க்குத் திற, இல்லை பவரை ஏற்று. நிழலும் கொஞ்சம் முரடாகும்.

3. சந்தனம் காயாத ஈர மொட்டையில் பெட்டியே கட்டமாகத் தெரியும். நானும் ஆரம்பத்தில் பவரைக் குறைத்துப் பார்த்தேன். முகம் இருண்டதே தவிர கட்டம் போகவில்லை. பளபளப்பு கண்ணாடி மாதிரி, கோணத்துக்குத்தான் அடங்கும். பெட்டியை இன்னும் கிட்டக் கொண்டுவந்து, முகத்துக்கு ஏற்றபடி பவரைக் குறை; கட்டம் பரந்து மங்கும். பெட்டியின் நடுப்பகுதி மூக்குக்கு முன்னால் போகிற மாதிரி கொஞ்சம் திருப்பு. ஓர வெளிச்சம் மட்டும் தலையைத் தொடட்டும். அதைவிடச் சுலபம், துண்டால் ஒற்றிவிட்டுப் பத்து நிமிஷம் உட்கார வைப்பது. காய்ந்த சந்தனத்தில் மினுக்கு இருக்காது.

4. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதே. படத்தில் மஞ்சள் நிறைய இருந்தால் கேமரா அதைத் தவறென்று நினைத்து நீலம் கலக்கும், சந்தனம் சுண்ணாம்பாகிவிடும். 5500 கெல்வினில் நிறுத்து.

5. நிழல் பக்கக் கன்னத்துக்கு ஒரு தெர்மாகோல் அட்டை போதும். பக்கத்துச் சுவர் பச்சைப் பெயின்ட் என்றால் அந்தக் கன்னமும் பச்சையடிக்கும். அங்கே வெள்ளை வேட்டியைத் தொங்கவிடு.