முந்தைய நாள் பிற்பகலே விடுவிப்பு

என்னை அதே ஊரிலுள்ள வேறு அலுவலகத்துக்கு மாற்றி ஆணை வந்துள்ளது. ஜூலை 1 முற்பகல் சேர வேண்டும், புதிய கண்காணிப்பாளரின் கீழ் பணி. என் இடத்துக்கு ஆள் வராததால், பழைய கண்காணிப்பாளர் ‘நாலு நாள் கழித்துப் போங்கள்’ என்கிறார். என்ன செய்வது?
– இளநிலை உதவியாளர், மதுரை

ஆணையில் உள்ள தேதிதான் செல்லும், கவலைப்படாதீர்கள். ஜூன் 30 பிற்பகல் விடுவிப்பு வாங்குங்கள். ‘முற்பகல்’ என்று எழுதிவிட்டால் அந்த ஒரு நாள் எந்த அலுவலகக் கணக்கிலும் சேராமல் தொங்கும். வாய்மொழியில் நிற்காதீர்கள், நிறுத்திவைப்பதானால் ஆணையிட்ட அதிகாரியே எழுத்தில் தரட்டும்.

ஆள் வராவிட்டால் கண்காணிப்பாளரிடமே பொறுப்பை ஒப்படைக்கலாம். தன்பதிவேட்டை வைத்து நிலுவைக் கோப்புகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், எந்த நிலையில் நிற்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது போதும். நீதிமன்ற வழக்குக் கோப்புகளை மட்டும் கெடு தேதியோடு பட்டியலின் மேலே எழுதுங்கள். பின்னால் விளக்கம் கேட்டு வருவது பெரும்பாலும் அவற்றுக்குத்தான். சாவிகளையும் சேருங்கள். இரண்டு படி எடுத்து இருவரும் கையெழுத்திட்டு, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 1 முதல் உங்கள் விடுப்பு விண்ணப்பம் புதிய கண்காணிப்பாளருக்கே போக வேண்டும். பழைய கோப்பில் சந்தேகம் கேட்டால் தொலைபேசியில் சொல்லுங்கள்; குறிப்பு எழுதிக் கையெழுத்திடாதீர்கள்.