பட்டியல் கேட்பவர் யார்?

பணியாளர் பயிற்சி வகுப்புகளில் தகவல் காப்புப் பற்றிக் காட்டப்படும் பாடப் படங்களிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, அங்கத்தினர்களுக்குப் பயன்படுமாறு உரையாடலாக இங்கே அமைத்திருக்கிறோம். நெசவாளர் சங்கம் ஒன்றில் சேர்ந்து மூன்று நாட்களே ஆன குமாஸ்தா, மானேஜரிடம் விரைந்து வருகிறார்.

குமாஸ்தா: ஐயா, வங்கியிலிருந்து பேசினார்கள். நம் நெசவாளர்கள் 42 பேரின் கூலி வரவு நின்றுபோயிற்றாம். பெயர், கணக்கு எண், ஆதார் எண், கைப்பேசி எண் எல்லாம் அடங்கிய பட்டியலைப் பத்து நிமிடத்துக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள்.

மானேஜர்: பொறு தம்பி. கூலியை வரவு வைக்க வங்கிக்கு என்னென்ன வேண்டும்?

குமாஸ்தா: பெயர், கணக்கு எண், கிளைக் குறியீடு, தொகை.

மானேஜர்: அவற்றை நேற்றே அனுப்பிவிட்டோமே! வேலைக்குத் தேவையில்லாததைக் கேட்பதும், அவசரப்படுத்துவதும் ஐயத்துக்குரியவை.

குமாஸ்தா: கணக்கு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பணத்தை எடுத்துவிட முடியுமா, ஐயா?

மானேஜர்: முடியாது. ஆனால் அவன் நாளை ஒரு நெசவாளரை அழைத்து, அவருடைய பெயரையும் கணக்கு எண்ணையும் தானே சொல்வான். இவ்வளவும் அறிந்தவர் வங்கிக்காரரே என்று அவர் நம்பிவிடுவார். பிறகு, கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்பான். அதைச் சொன்னதும் பணம் போய்விடும். நம் பட்டியல்தான் அவனுக்கு அந்த நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுக்கும்.

குமாஸ்தா: கேட்டது வங்கிதானா என்று எவ்வாறு அறிவது?

மானேஜர்: வந்த எண்ணுக்கே திரும்பப் பேசினால் அதே ஆள்தான் பதில் சொல்வான். நம் கோப்பில் உள்ள கிளையின் எண்ணுக்குப் பேசிப் பார்.

(குமாஸ்தா பேசிவிட்டு வருகிறார்.)

குமாஸ்தா: அவர்கள் யாரும் கேட்கவில்லையாம், ஐயா! காலையிலேயே கூலி வரவாகிவிட்டதாம். நான் பட்டியலை அனுப்பியிருந்தால் என்ன செய்வது?

மானேஜர்: செய்தியை அழித்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் பெருந்தவறு. அதற்குள் அவன் நகல் எடுத்திருப்பான். உடனே என்னிடம் சொல்லிவிட வேண்டும். ஓ.டி.பி. கேட்டு யார் பேசினாலும் சொல்லாதீர்கள் என்று 42 பேரையும் அன்றே எச்சரிக்கலாம். எவருக்கேனும் பணம் போயிருந்தால், தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் அறிவிக்க வேண்டும்.

குமாஸ்தா: உண்மையாகவே வங்கி கேட்டால் முழுப் பட்டியலையும் கொடுக்கலாமா?

மானேஜர்: அப்போதும், எந்த வேலைக்கு என்று கேட்டு, அதற்கு வேண்டியதை மட்டும், வழக்கமான வழியில் கொடுக்க வேண்டும். அங்கத்தினர் எந்த நோக்கத்துக்காக இசைந்து விவரம் தந்தாரோ, அதற்கு வேண்டிய அளவிலேயே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை.

அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது ஒன்று. சங்கத்தில் எவரேனும் உங்கள் ஆதார் நகலைக் கேட்டால், எதற்காக என்று வினவுங்கள். அதற்கு விடை கூற இயலாத சங்கம், அந்த நகலை வாங்கி வைக்கவேண்டிய தேவையும் இல்லை.