நாய்க்கடி ஊசியின் 28ஆம் நாள்

வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தோலுக்குள் செலுத்தும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் நான்கு தவணைகள் உண்டு. கடைசித் தவணைக்கு வராதவர்கள் கூறும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: "புண்தான் ஆறிவிட்டதே!" புண் ஆறுவது காலில் நடப்பது. ஊசியின் வேலை நடப்பதோ அக்குளில்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்து ஆவடிக்குத் திரும்பும் ஒருவரைத் தெருநாய் கெண்டைக்காலில் இரத்தம் வரக் கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவிவிட்டு அவர் மருத்துவமனைக்கு வருகிறார். இரு மேற்கைகளிலும் 0.1 மில்லி வீதம் தடுப்பூசி போடப்படுகிறது. புண்ணைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் செலுத்தப்படுகிறது. இது வேறோர் உடலில் உருவாகி நமக்குக் கடனாக வரும் எதிர்ப்பொருள். சொந்த எதிர்ப்பொருள் போதிய அளவில் உருவாக ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை புண்ணில் உள்ள வைரஸை இக்கடன் மறிக்கிறது.

தடுப்பூசியில் உள்ள செயலிழந்த வைரஸ், கையிலிருந்து அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களைச் சென்றடைகிறது. அங்கே பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனக்கே உரிய வடிவில் ஒரு கொக்கியைத் தாங்கியிருக்கும். ரேபிஸ் வைரஸ் புரதத்தில் ஓரளவேனும் மாட்டும் கொக்கி உடையவை விழித்தெழுகின்றன. அவற்றில் சில உடனே எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்குகின்றன. விரைவாக வந்தாலும் அது இறுகப் பற்றாது. மற்றவை கணுவுக்குள் கூடி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் 'முளை மையம்' என்னும் சிறு திரளாகின்றன. ஊசிக்குப் பின் சிலருக்கு அக்குளில் நெறி கட்டுவது கணுவில் நடக்கும் இந்தப் பெருக்கத்தால்தான்.

முளை மையத்தின் ஒரு பாதியில் பி செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. பெருகும்போது கொக்கிக்குரிய மரபணுவில் வேண்டுமென்றே பிழைகள் செய்யப்படுகின்றன. பெரும்பாலான பிழைகள் கொக்கியைக் கெடுக்கும் அல்லது பயனற்றுப் போகும். மிகச் சில அதைக் கூர்மையாக்கும். எது எது என்று அச்செல்லுக்கே தெரியாது. ஆகவே அது மறுபாதிக்குச் சென்று தேர்வு எழுத வேண்டும்.

வினாத்தாளை வைத்திருப்பவை நுண்பைக் கிளைச் செல்கள். அவை தம் நீண்ட கிளைகளில் வைரஸ் புரதத்தைச் சிதையாமல் வாரக்கணக்கில் ஏந்தி நிற்கும். கொக்கி கூர்மையான பி செல் அதிலிருந்து அதிகப் புரதத்தைப் பிடுங்கி எடுத்து, துண்டாக்கித் தன் மேற்பரப்பில் காட்டும். அதனைப் பார்த்து முடிவு சொல்பவை அங்கேயுள்ள உதவி டி செல்கள். இவை எண்ணிக்கையில் குறைவு. எல்லோருக்கும் நேரம் ஒதுக்க இயலாது. மிகுதியாகக் காட்டுபவற்றுக்கே 'வாழ்' என்னும் குறிப்பு கிடைக்கும். கிடைக்காதவை தாமே மடிந்துவிடும். பிழைத்தவை மீண்டும் முதற்பாதிக்குச் சென்று பெருகி, பிழை செய்து, மறுபடி தேர்வுக்கு வரும். சுற்று ஏற ஏறப் பிடி இறுகும்.

வென்றவற்றுள் சில எலும்பு மஞ்சைக்குச் சென்று நெடுங்காலம் எதிர்ப்பொருள் சுரக்கும். வேறு சில நினைவுச் செல்களாகக் காத்திருக்கும். 28ஆம் நாள் தவணை வரும்போது இவ்வாறு தேறியவை ஏற்கெனவே உள்ளன. புதிய புரதம் அவற்றைத் தட்டியெழுப்பிப் பெருக்குகிறது. நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எவ்வளவு விரைவில் வர இயலுமோ அவ்வளவு விரைவில் வந்து விட்ட தவணையைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு குறுக்குச் செய்தி. தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளை மூத்தோர் இன்றும் நினைத்து அஞ்சுவர். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. 2004 இறுதியோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டது.

முதல் தவணை போட்டு ஏழு நாள் கடந்தபின் இம்யூனோகுளோபுலின் தரப்படுவதில்லை. அப்போது சொந்த எதிர்ப்பொருள் வந்திருக்கும். கடன் எதிர்ப்பொருள் மிகுந்தால் அது வைரஸ் புரதத்தை மூடி உள்ளே நடக்கும் தேர்வைக் குலைக்கும்.

சிலர் உடலில் இத்தேர்வே சரியாக நடைபெறாது. ரிடுக்ஸிமாப் பெறுவோரிடம் தேர்வு எழுதப் பி செல்களே இரா. சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பின் டாக்ரோலிமஸ் உட்கொள்வோரிடம் டி செல்கள் தளர்ந்திருக்கும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் ஒரு மில்லிக்கு 0.5 அலகுக்குக் குறைந்திருந்தால்தான் தெரியவரும். எனவே இத்தகைய மருந்து உண்பவர், கடி சிறு கீறலே ஆயினும், மருந்துச் சீட்டை முதல் நாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

தவணைகளை முடித்த அந்த ஆவடிக்காரரை இரண்டு ஆண்டு கழித்து மறுபடி நாய் கடித்தால், புண்ணைக் கழுவியபின் 0, 3 ஆகிய இரு நாள் ஊசியே போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. முன்னர் எழுதிய மருத்துவமனை அட்டையை அவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.